இரவில் படுத்துவிடும் 100 எம்பிபிஎஸ்: முறைப்பாட்டுக் கடிதமும் அதோடு போகும் அட்டவணையும்

“திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். 100 எம்பிபிஎஸ் ஃபைபர் பக்கேஜுக்குக் காசு கட்டுகிறேன். இரவில் 10, 15க்கு மேல் வருவதே இல்லை. ஹொட்லைனுக்கு எடுத்தால் ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணச் சொல்கிறார்கள். போனில் எடுத்த ஸ்பீட் டெஸ்ட் ஸ்கிரீன்ஷொட் நிறைய வைத்திருக்கிறேன். அவற்றை இணைத்துக் கடிதம் எழுதினால் ஏதாவது நடக்குமா? எப்படி எழுதுவது?”

நடக்கும். ஆனால் இப்போது உங்கள் கையில் இருக்கும் ஸ்கிரீன்ஷொட்களை வைத்து நடக்காது. அவை பொய் என்று சொல்லவில்லை. அவற்றைப் பார்க்கிற கம்பனிக்காரருக்கு ஒரே வரியில் தட்டிவிட வழி இருக்கிறது: “இது உங்கள் வைஃபை பிரச்சினை.” போனில் எடுத்த டெஸ்டுக்கு அந்தப் பதிலை மறுக்க உங்களிடம் ஒன்றும் இல்லை. வீட்டு இணைப்புகளைப் பூட்டிக் கொடுக்கும் வேலையிலும், பிறகு அவற்றைப் பற்றி வரும் முறைப்பாடுகளைப் பார்க்கும் வேலையிலும் பல வருடம் இருந்தவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கடிதத்தின் வார்த்தைகளை விட அதோடு போகும் அட்டவணைதான் வேலை செய்யும். கம்பனி வழக்கமாகச் சொல்லும் பதில்கள் நாலைந்துதான். உங்கள் அட்டவணையின் ஒவ்வொரு நிரலும் அதில் ஒரு பதிலுக்கு முன்கூட்டியே கதவைச் சாத்த வேண்டும். அதைச் செய்துவிட்டால் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகத் தேவையில்லை.

முதலில் வைஃபை. லப்டொப்பை ரவுட்டரின் லான் துளையில் கேபிளால் பூட்டுங்கள். லப்டொப்பின் வைஃபையை ஓஃப் பண்ணுங்கள். வீட்டில் மற்றப் போன்கள், டீவி எல்லாவற்றையும் டெஸ்ட் ஓடும் ஒரு நிமிடத்துக்கு ரவுட்டரிலிருந்து கழற்றிவிடுங்கள். அதற்கு ரவுட்டரின் வைஃபையையே நிறுத்திவிடுவது சுலபம். விபிஎன் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். இப்படி எடுத்த அளவுதான் கம்பனி உங்கள் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து தருகிற வேகம். அதற்கு அப்பால் சுவர், பக்கத்து வீட்டு வைஃபை, பழைய போன் எல்லாம் குறைப்பது உங்கள் பாடு, கம்பனியின் பாடு இல்லை. கேபிளில் சரியாக வந்து போனில் மட்டும் குறைந்தால் கடிதமே எழுத வேண்டாம், ரவுட்டரை நடு வீட்டுக்கு மாற்றினாலே பாதி தீர்ந்துவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கேபிளில் எடுத்தால் 93, 94க்கு மேல் ஏறவில்லை என்று சிலர் முறைப்பாடு செய்வார்கள். லப்டொப்பின் லான் துளை அல்லது கேபிள் 100இல் மட்டும் வேலை செய்தால் அவ்வளவுதான் வரும். மிச்சம் தரவைப் பொதி கட்டும் செலவில் போய்விடுகிறது. உங்களுக்கு 100 எம்பிபிஎஸ் பக்கேஜ் என்றால் 94 வருவது குறைபாடு அல்ல. அதேபோல ஒரு கோப்பை இறக்கும்போது உலாவி காட்டுவது மெகாபைட், பக்கேஜில் எழுதியிருப்பது மெகாபிட். எட்டால் பெருக்கிப் பார்க்க வேண்டும். இறக்கும்போது 1.75 என்று காட்டினால் உங்கள் வேகம் 14. இந்த இரண்டில் ஒன்றைக் கடிதத்தில் பிழையாக எழுதினாலும் வாசிப்பவர் மிச்சத்தை நம்ப மாட்டார்.

அடுத்தது, எந்த நேரத்தில் எடுப்பது. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், பலரும் தவறவிடுவதும் இதைத்தான். கோபம் வரும்போது மட்டும் டெஸ்ட் எடுத்தால் மோசமான அளவுகள் மட்டும் சேரும். அது பொறுக்கியெடுத்த கணக்கு என்று பார்த்தவுடனே தெரியும். அதற்குப் பதிலாக நாலு நேரத்தை முன்கூட்டியே நிச்சயித்துக்கொள்ளுங்கள்: காலை 6, பகல் 1, இரவு 8.30, இரவு 10.30. இரண்டு கிழமைக்கு, வேகம் நன்றாக இருந்தாலும் கெட்டிருந்தாலும், அதே நேரத்தில் எடுத்து எழுதுங்கள். கரண்ட் போய் ஒன்று தவறினால் அந்த இடத்தில் ‘மின்தடை’ என்று எழுதுங்கள், வெறுமையாக விடாதீர்கள். நல்ல அளவுகளையும் மறைக்காமல் வைத்திருப்பதுதான் கெட்ட அளவுகளுக்குப் பலம்.

மணிக்கு ஒரு தடவை தானாக ஓடவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். 100 எம்பிபிஎஸ் நன்றாக வரும் நேரத்தில் ஒரு டெஸ்ட் பத்துப் பதினைந்து வினாடி முழு வேகத்தில் இறக்கும். அதுவே நூற்றைம்பது மெகாபைட் அளவில் போய்விடும், ஏற்றுவது வேறு. பத்து நாளைக்கு மணிக்கு ஒன்று என்றால் 36 ஜிபிக்குக் கிட்ட. உங்கள் பக்கேஜில் மாத அளவு இருந்தால் டெஸ்டே அதைத் தின்றுவிடும். அப்புறம் “அளவு முடிந்துவிட்டது, அதனால் வேகம் குறைந்தது” என்ற பதிலை நீங்களே அவர்கள் கையில் கொடுத்தது போலாகும். நாளுக்கு நாலு போதும்.

அந்த அளவு முடிந்த கதைக்கும் ஒரு நிரல் வேண்டும். கம்பனியின் செயலியிலோ வாடிக்கையாளர் பக்கத்திலோ எவ்வளவு பாவித்திருக்கிறீர்கள், எவ்வளவு மிச்சம் என்று காட்டும். தினமும் ஒரு தடவை அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘வரையறையற்றது’ என்று விற்கும் பக்கேஜ்களிலும் நியாயப் பாவனை என்று ஒரு கோடு இருக்கும், அதைத் தாண்டினால் வேகத்தை இறக்குவார்கள். உங்கள் பக்கேஜின் நிபந்தனையில் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் அதைத் தாண்டாத நாட்களின் அளவுதான் முறைப்பாட்டுக்கு உதவும். தாண்டிய நாட்களை நீங்களே தனியாகக் காட்டிவிடுங்கள்.

கடைசி நிரல், எந்தச் சேவரை நோக்கி எடுத்தது என்பது. “வெளிநாட்டு இணையதளம் மெதுவானால் நாங்கள் என்ன செய்வது” என்ற பதிலுக்கு இது. டெஸ்ட் எடுக்கும்போது சேவரைத் தெரிவுசெய்ய விடும். ஒன்று உங்கள் கம்பனியே கொழும்பில் வைத்திருக்கும் சேவர், மற்றது உள்நாட்டிலேயே வேறொரு கம்பனியின் சேவர். ஒவ்வொரு நேரமும் இந்த இரண்டையும் எடுங்கள், மாற்றாதீர்கள். சொந்தச் சேவருக்கே இரவில் 14தான் வருகிறது என்றால் வெளிநாடு, கடலடிக் கேபிள் என்ற பேச்சுக்கு இடமில்லை. தடங்கல் அவர்களுடைய வலைக்குள்ளேயே இருக்கிறது. சொந்தச் சேவருக்கு நன்றாக வந்து மற்றதற்கு மட்டும் குறைந்தால் அது வேறு முறைப்பாடு, கடிதத்தை அதற்கேற்ப எழுத வேண்டும். இரண்டு சேவர் என்றால் டேட்டாவும் இரட்டிப்பாகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கையால் எடுத்து எழுதினாலும் போதும். கொஞ்சம் கணினிப் பழக்கம் இருந்தால் ஸ்பீட் டெஸ்ட் நடத்தும் ஊக்லா நிறுவனத்தின் கட்டளைவரிச் செயலியைப் போட்டுக்கொள்ளலாம். முதல் கட்டளை கிட்ட இருக்கும் சேவர்களையும் அவற்றின் இலக்கத்தையும் காட்டும். இரண்டாவது, தெரிவுசெய்த சேவருக்கு டெஸ்ட் எடுத்து ஒரு கோப்பின் அடியில் சேர்த்துவிடும். 12345 என்ற இடத்தில் உங்கள் சேவரின் இலக்கத்தைப் போடுங்கள்.

```
speedtest -L
speedtest -s 12345 -f json >> netlog.txt
```

அந்தக் கோப்பை வாசிக்கும்போது இரண்டு இடத்தில் கவனம். அதில் `bandwidth` என்று வருவது வினாடிக்கு எத்தனை பைட் என்ற கணக்கு. 1750000 என்று இருந்தால் எட்டால் பெருக்கி 14 எம்பிபிஎஸ். `timestamp` காட்டும் நேரம் நம் நாட்டு நேரம் இல்லை, ஐந்தரை மணித்தியாலம் கூட்ட வேண்டும். அதில் 15:00 என்றால் நமக்கு இரவு 8.30. இதைக் கவனிக்காமல் அனுப்பினால், இரவில் கெட்டது பின்னேரம் கெட்டதாகத் தோன்றும், முழு வாதமும் குழம்பிவிடும். ஒவ்வொரு முடிவோடும் ஒரு இணைப்பு முகவரி வரும்; அது டெஸ்ட் நிறுவனத்தின் சேவரில் இருப்பது, நீங்கள் திருத்த முடியாதது. அட்டவணையில் அதையும் சேருங்கள். ஸ்கிரீன்ஷொட்டை விட அது நூறு மடங்கு நல்லது.

இனி, இரண்டு கிழமை அளவை வைத்து என்ன தெரியும், என்ன தெரியாது. வேகம் ஒரு நாளில் எப்படி ஏறி இறங்குகிறது என்ற வடிவத்தைப் பாருங்கள். காலையில் 90க்கு மேல், பகலில் கொஞ்சம் குறைவு, இரவில் அடிமட்டம், மறுபடி விடிய 90 என்றால் அது நெரிசல். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் பார்க்கும்போது அந்தப் பகுதிக்கு வரும் கொள்ளளவு போதவில்லை. ஃபைபரில் ஒரே கண்ணாடி நூல், பிரிப்பான் வழியாக 32, சில இடத்தில் 64 வீடுகளுக்குப் பகிரப்படுகிறது, அதற்கு மேலே அந்த நூல் போய்ச் சேரும் கம்பனி இயந்திரத்திலிருந்து கொழும்பு நோக்கிப் போகும் பாதையும் பகிரப்படுகிறது. இந்த இரண்டில் எது அடைத்திருக்கிறது என்று வீட்டிலிருந்து சொல்ல முடியாது. விடியற்காலையிலும் நள்ளிரவிலும் ஒரே மாதிரி 9.8, 9.7 என்று கோடு போட்டது போல நின்றால் அது நெரிசல் இல்லை. உங்கள் கணக்குக்கு 10 எம்பிபிஎஸ் என்று பிழையாகப் பதிந்திருக்கிறார்கள், அல்லது நியாயப் பாவனைக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். அது கம்பனியில் ஒருவர் திரையில் திருத்தினால் சரியாகிற விடயம். நேரத்தோடு சம்பந்தமில்லாமல் விட்டு விட்டுக் குறைந்து, பொதிகள் தொலைந்து, ரவுட்டரில் LOS என்ற சிவப்பு விளக்கு இடைக்கிடை மின்னினால் நூலிலேயே பிரச்சினை: எங்காவது மடிந்திருக்கலாம், முனை அழுக்காகியிருக்கலாம், மாரி மழையில் இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர் போயிருக்கலாம். அதற்குக் கடிதம் தேவையில்லை, ஆளை அனுப்பச் சொன்னாலே போதும்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுடையது முதலாவது வகை போலத் தெரிகிறது. ஆனால் இரவில் மட்டும்தான் நீங்கள் எடுத்திருக்கிறீர்கள் என்றால் இரண்டாவது வகையையும் ஒதுக்க முடியாது. காலை ஆறு மணி அளவு வந்தால்தான் இது தீரும். அதனால்தான் இரண்டு கிழமை பொறுக்கச் சொல்கிறேன்.

ஓர்ஸ் ஹில்லில் வீட்டிலிருந்து கணக்கு வேலை பார்க்கும் ஒரு குடும்பத்துக்கு இந்தக் கடிதத்தை எழுத நான் உதவினேன். அதையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். பக்கேஜ் 100. அவர்களுடைய அட்டவணையில் ஒரு நாள் இப்படி இருந்தது (கேபிளில், கம்பனியின் சொந்தச் சேவருக்கு, இறக்கம், ஏற்றம், தாமதம் என்ற வரிசையில்):

```
காலை 6.00     93.1    46.0    11
பகல் 1.00     78.4    45.2    14
இரவு 8.30     13.6    44.8    72
இரவு 10.30    16.9    45.5    58
```

இறக்கும் வேகம் 93இலிருந்து 13க்கு விழுகிறது. ஆனால் ஏற்றும் வேகம் நாள் முழுக்க அசையவில்லை. நூல் பழுதாக இருந்தால் ஏற்றமும் சேர்ந்து ஆடும். வீட்டு ரவுட்டர் களைத்திருந்தால் காலையிலும் தெரியும். ஏற்றம் அப்படியே நின்று, இறக்கம் மட்டும் இரவில் விழுந்து, அதோடு தாமதமும் 11 மில்லிசெக்கனிலிருந்து 72க்கு ஏறினால், வீடு வரை வரும் இணைப்பு நல்லாகவே இருக்கிறது, அதற்கு மேலே எங்கோ வரிசையில் நிற்கிறது என்பது துறையில் இருக்கும் எவருக்கும் விளங்கும். இரண்டு கிழமையில் சொந்தச் சேவருக்கு 56 டெஸ்ட் எடுக்க வேண்டியது, மின்தடையில் மூன்று போய் 53. இரவு நேரத்து 26இல் 24 தடவை 20க்குக் கீழே. காலை நேரத்தில் ஒன்றுகூட 90க்குக் கீழே இல்லை. இரவு அளவுகளை ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் நிற்பது 14. ஆகக் குறைந்த அளவாக 6.2 என்று ஒன்றும் இருந்தது. கடிதத்தின் முதல் வரியில் அந்த 6.2ஐப் போட அவர்கள் ஆசைப்பட்டார்கள், நான் வேண்டாம் என்றேன். ஒரு தடவை வந்த அளவைப் பற்றி வாதாடலாம். நடு அளவைப் பற்றி வாதாட முடியாது.

கடிதத்தை இப்படி எழுதினோம். மேலே பெயர், முகவரி, கணக்கிலக்கம், பில்லில் உள்ள தொலைபேசி இலக்கம், பக்கேஜின் பெயர், முன்பு ஹொட்லைனுக்கு எடுத்தபோது கொடுத்த முறைப்பாட்டு இலக்கங்களும் திகதிகளும். அப்புறம்:

“விடயம்: 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பில் தினமும் இரவு 8 மணி முதல் 11 மணி வரை வேகம் 20 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழ் இருத்தல்.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மணி, மேற்படி இணைப்பின் மாதக் கட்டணத்தை நிலுவையின்றிச் செலுத்தி வருகிறேன். பின்னிணைப்பு 1இல் உள்ள அட்டவணைப்படி, இரண்டு கிழமையில் நிச்சயித்த நேரங்களில் உங்கள் சொந்தச் சேவருக்கு எடுத்த 53 சோதனைகளில், இரவு நேரத்து 26இல் 24 சோதனைகளில் இறக்க வேகம் 20 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழாகவும், அவற்றின் நடு அளவு 14 ஆகவும் உள்ளது. அதே இணைப்பில் காலை 6 மணிக்கு எல்லா நாளும் 90க்கு மேல் கிடைத்துள்ளது. எல்லாச் சோதனைகளும் ரவுட்டரில் நேரடியாகப் பூட்டிய கேபிளில், வேறு கருவிகள் இல்லாமல், உங்கள் சொந்தச் சேவருக்கும் இன்னொரு உள்நாட்டுச் சேவருக்கும் எடுக்கப்பட்டவை. இந்தக் காலத்தில் எனது மாதப் பாவனை நியாயப் பாவனை அளவைத் தாண்டவில்லை (பின்னிணைப்பு 2).

ஆகவே, (அ) இரவு 8 மணி முதல் 11 மணி வரை எனது இணைப்பு உங்கள் இயந்திரத்தில் சேரும் துளையினதும் அதன் மேல்பாதையினதும் பாவனை அளவைச் சோதித்து முடிவை எழுத்தில் அறிவிக்குமாறும், (ஆ) நேரில் சோதிக்க ஆள் அனுப்புவதானால் அந்த நேரத்துக்குள் அனுப்புமாறும், (இ) இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் சீர்செய்ய முடியாவிட்டால், அபராதமின்றிக் குறைந்த பக்கேஜுக்கு மாறவோ ஒப்பந்தத்தை முடிக்கவோ அனுமதிக்குமாறும், பாதிக்கப்பட்ட மாதங்களின் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கழித்துத் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.”

அவ்வளவுதான். அதில் ‘ஏமாற்று’, ‘கொள்ளை’ போன்ற சொல் ஒன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘நெரிசல்’ என்ற சொல்கூட இல்லை. காரணம் இன்னது என்று நீங்கள் அடித்துச் சொன்னால், அது சரியா பிழையா என்ற விவாதத்துக்கு அவர்கள் போய்விடுவார்கள். உங்கள் அளவுகள் நிரூபிப்பது இந்த நேரத்தில், இந்த வாசலில், இந்த வேகம் என்பதை மட்டும்தான். காரணத்தைக் கண்டுபிடிக்கும் கருவி அவர்கள் கையில் இருக்கிறது, அதைப் பார்க்கச் சொல்லிக் கேட்பதுதான் (அ).

(ஆ) அனுபவத்தில் வந்தது. ஹொட்லைனில் சொன்னவுடன் டெக்னீசியன் ஒருவர் காலை பதினொரு மணிக்கு வருவார். அவருடைய கருவியில் 93 காட்டும். உங்களிடம் காட்டிவிட்டு வேலைத்தாளில் ‘வேகம் சரி’ என்று எழுதிக் கையொப்பம் கேட்பார். அவர் பொய் சொல்லவில்லை, அந்த நேரத்தில் அது சரிதான். ஆனால் நீங்கள் கையொப்பமிட்ட அந்த நிமிடத்தோடு முறைப்பாடு மூடப்பட்டுவிடும், அடுத்த தடவை எடுத்தால் புதிதாகத் தொடங்க வேண்டும். ஓர்ஸ் ஹில் வீட்டிலும் கடிதத்துக்கு முன்பு இதுதான் நடந்தது. அதனால் பகலில் ஆள் வந்தால், கையொப்பத்துக்கு மேலே உங்கள் கையெழுத்தில் ‘சோதனை நேரம் காலை 11.10. எனது முறைப்பாடு இரவு 8 முதல் 11 வரை உள்ள வேகத்தைப் பற்றியது, அது தீரவில்லை’ என்று எழுதிவிட்டுக் கையொப்பமிடுங்கள், தாளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தம்பியோடு சண்டை பிடிக்க வேண்டாம். ஒன்றை மட்டும் அவரிடம் கேளுங்கள்: உங்கள் வீட்டு முனையில் ஒளியின் பலம் எவ்வளவு என்று. கழித்தல் 15க்கும் கழித்தல் 25க்கும் இடையில் ஒரு இலக்கம் சொன்னால் நூல் நல்லது. அதையும் அட்டவணையின் அடியில் எழுதிக்கொள்ளுங்கள். நூல் பழுது என்ற பதிலுக்கு அது மருந்து.

(இ)யில் என்ன கிடைக்கும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய எல்லாப் பக்கேஜ் நிபந்தனைகளிலும் ‘வரை’ என்ற சொல் இருக்கும். 100 வரை, அவ்வளவுதான். அதனால் எல்லா நேரமும் 100 தா என்று கேட்க உங்களுக்கு வழியில்லை, கேட்டால் அந்தச் சொல்லைக் காட்டி முடித்துவிடுவார்கள். ஆனால் ஆறில் ஒரு பங்குகூட இல்லாத வேகம் தினமும் ஒரே நேரத்தில் வருவது வேறு விடயம், அதைப் பழுது என்று கேட்கலாம். பழைய காசு முழுவதும் திரும்ப வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் நடப்பது மூன்றில் ஒன்று: கொள்ளளவைக் கூட்டுவார்கள், அல்லது உங்களை அவர்களுடைய இயந்திரத்தில் வேறு துளைக்கு மாற்றுவார்கள், அல்லது குறைந்த பக்கேஜுக்கு இறங்க விடுவார்கள். மூன்றாவதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். 14 வருகிற இடத்தில் 100க்குக் காசு கட்டுவதை விட அது மேல். ஓர்ஸ் ஹில்லில் பகுதிக்கு வரும் பாதையின் கொள்ளளவைக் கூட்டியதாகப் பதில் வந்தது, இரவு வேகம் 60க்கு மேல் போனது, ஒரு மாதக் கட்டணத்தில் பாதியைக் கழித்தார்கள். ஆனால் கம்பனிக்கு எழுதிய கடிதத்தோடு மட்டும் அது நடக்கவில்லை.

அனுப்பும் விதத்தைச் சொல்கிறேன். மின்னஞ்சலில் அனுப்புங்கள், அதையே அச்சடித்துப் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். தபால் கந்தோரில் தரும் பற்றுச்சீட்டைக் கவனமாக வைத்திருங்கள். ஊரில் உள்ள கிளையில் கையளித்தால், உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள். தமிழில் எழுதலாம், அதில் தயங்க வேண்டாம். ஆனால் விடயத் தலைப்பையும் அட்டவணையின் நிரல் தலைப்புகளையும் ஆங்கிலத்திலும் போட்டுவிடுங்கள். அட்டவணை கடைசியில் போய்ச் சேருவது கொழும்பில் இருக்கும் வலைப் பொறியியலாளரிடம், மொழிபெயர்ப்புக்காக அது ஒரு மேசையில் கிடக்கத் தேவையில்லை. பக்கேஜ் விபரம் இருக்கும் இணையப் பக்கத்தையும் திகதியோடு சேமித்து இணையுங்கள், அந்தப் பக்கங்கள் அடிக்கடி மாறும். பில்லை மட்டும் நிறுத்தாதீர்கள். கோபத்தில் கட்டாமல் விட்டால் இணைப்பைத் துண்டிப்பார்கள், அன்றிலிருந்து அது வேகம் பற்றிய முறைப்பாடு அல்ல, நிலுவை பற்றிய கதை. கணக்கிலக்கமும் முகவரியும் உள்ள கடிதத்தை முகநூலில் போடவும் வேண்டாம்.

14 நாளில் பதில் வராவிட்டால், அல்லது “ரவுட்டரை ஓஃப் பண்ணிப் பாருங்கள்” என்றே எழுத்திலும் வந்தால், அடுத்த இடம் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் இயங்குவது, இந்தக் கம்பனிகளுக்கான உரிமப் பொறுப்பு அங்கேதான். பாவனையாளர் முறைப்பாட்டை அவர்கள் ஏற்பார்கள். முதலில் கம்பனியிடம் சொன்னீர்களா, இலக்கம் என்ன, என்ன பதில் வந்தது என்றுதான் கேட்பார்கள். உங்களிடம் அது எல்லாம் ஏற்கெனவே ஒரு கட்டாக இருக்கும். அவர்களுக்குப் புதிதாகக் கதை எழுத வேண்டாம். ஒரு பக்க முன்கடிதம்: இந்தத் திகதியில் இந்த இலக்கத்தில் முறையிட்டேன், 14 நாள் கடந்தது, இன்ன பதில் வந்தது அல்லது வரவில்லை. பின்னால் முதல் கடிதம், அட்டவணை, பற்றுச்சீட்டு, டெக்னீசியனின் வேலைத்தாள் படம். கம்பனிக்கும் ஒரு பிரதி போகட்டும். ஓர்ஸ் ஹில் வீட்டுக்காரருக்குக் கொள்ளளவு கூடியது இந்தக் கட்டு போன பிறகுதான்.

அந்தப் பதினான்கு நாளிலும் டெஸ்டை நிறுத்தாதீர்கள். சீர்செய்துவிட்டோம் என்று பதில் வந்தால் அது உண்மையா என்று பார்க்க அதே நேரம், அதே கேபிள், அதே இரண்டு சேவர் வேண்டும். ஒரு கிழமை நன்றாக இருந்து மறுபடி விழுந்தால் அதே முறைப்பாட்டு இலக்கத்தின் கீழ் அட்டவணையின் தொடர்ச்சியை அனுப்புங்கள், புதிய முறைப்பாடாகத் தொடங்க விடாதீர்கள். பக்கத்து வீட்டிலும் அதே கம்பனி இணைப்பு இருந்தால் அவர்களிடமும் இரவு 8.30க்கு மூன்று நாள் எடுத்துத் தரச் சொல்லிப் பாருங்கள். அவர்களுக்கும் அப்படியே விழுந்தால் அவர்கள் தங்கள் பெயரில், தங்கள் கணக்கிலக்கத்தோடு தனிக் கடிதம் எழுதட்டும். ஒரே கடிதத்தில் பத்துப் பேர் கையொப்பமிட்டு அனுப்பினால் அது கம்பனியில் ஒரு முறைப்பாடாகத்தான் பதிவாகும். பத்துக் கடிதம் என்றால் ஒரே பகுதியிலிருந்து பத்து இலக்கம்.